அலசுதல் வேறு, கழுவுதல் வேறு: ஆய்வக அறிக்கைக்கு ஓர் இருமொழிச் சொற்பட்டியல்

ஆய்வக அறிக்கைக்கான இருமொழிச் சொற்பட்டியல் அகராதியைப் போன்றதன்று. அகராதி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கு வழங்கும் பொருள்களை எல்லாம் அடுக்கும். சொற்பட்டியல் ஒரு பொருளையோ செயலையோ எடுத்துக்கொண்டு அதற்கு ஒரே ஒரு ஆங்கிலப் பெயரைத் தேர்ந்து வைக்கும். மற்றப் பெயர்களை 'இங்கே வேண்டாம்' என்று ஒதுக்கும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. வேதியியலில் சேரும் மாணவி ஒருத்திக்கு, ரெக்கார்டு நோட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய முதல் வாரத்திலேயே இது தேவைப்படத் தொடங்குகிறது.

தேவை எங்கே எழுகிறது என்பதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டே காட்டலாம். பள்ளிப் பாடநூலில் 'கூம்புக்குடுவை' என்று ஒரே பெயரில் வந்த பாத்திரம், அவளுடைய ஆங்கில அறிக்கையில் முதல் பத்தியில் 'கானிக்கல் ஃபிளாஸ்க்' என்று வருகிறது. அடுத்த பத்தியில் வெறும் 'ஃபிளாஸ்க்' ஆகிறது. கடைசியில் 'கன்டெய்னர்' ஆகிவிடுகிறது. அதே மேசையில் திட்டக்குடுவை ஒன்றும் இருக்கிறது. அதுவும் ஒரு ஃபிளாஸ்க்தான். 'ஃபிளாஸ்க்கில் அமிலம் சேர்க்கப்பட்டது' என்ற வாக்கியத்தைப் படிக்கும் பேராசிரியருக்கு எந்தக் குடுவை என்று தெரியாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் நடை சலிக்கும் என்று கட்டுரைப் பயிற்சியில் பழகிய கை, ஆய்வக அறிக்கையிலும் சொல்லை மாற்றிப் போடுகிறது. அறிக்கையைப் படிப்பவரோ, சொல் மாறினால் பொருளும் மாறியது என்றே எடுத்துக்கொள்வார்.

கடையில் கிடைக்கும் அகராதிகள் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. தமிழ் அறிவியல் சொற்களைத் தொகுத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பாதையைத்தான் போட்டார்கள். 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் அமைத்தபோதும், 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் பெரிய ஆங்கிலம் - தமிழ் அகராதியை வெளியிட்டபோதும், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்பதே கேள்வியாக இருந்தது. இந்த மாணவியின் கேள்வி எதிர்த்திசையில் வருகிறது. தமிழில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு செயலுக்கு, இந்த ஆய்வகத்தில், இந்த அறிக்கையில், எந்த ஆங்கிலச் சொல்? அதற்கு விடை அவளே தொகுக்கும் பட்டியலில்தான் கிடைக்கும்.

தொடங்கும் இடம்: ஒரு சோதனை

பட்டியலை அகர வரிசையில் தொடங்கினால் அது முடியாது. ஒரு சோதனையில் தொடங்க வேண்டும். முதலாண்டு மாணவர் எல்லாரும் செய்யும் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலை எடுத்துக்கொள்ளலாம். ஆக்சாலிக் அமிலத்தின் திறன் தெரியும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் திறனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மாணவி முதலில் செய்முறையைத் தமிழிலேயே, செய்த வரிசையில் எழுதுகிறாள். 1.575 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை நிறுத்து, திட்டக்குடுவையில் இட்டு நீரில் கரைத்து, 250 மி.லி. குறிவரை நிரப்பினேன். பியூரெட்டைப் பெர்மாங்கனேட் கரைசலால் அலசி, அதே கரைசலால் நிரப்பினேன். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக்குடுவையில் விட்டேன். ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கினேன். பியூரெட்டிலிருந்து கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். நிலையான வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்றியது முடிவுநிலை.

இதில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் அடிக்கோடிட்டால் இருபத்தைந்துக்கு மேல் தேறும். அவைதாம் பட்டியலின் முதல் பதிவுகள். பாத்திரங்கள், செயல்கள், கண்ணால் கண்டவை, கணக்கில் வருபவை என்று நான்காகப் பிரித்து வைத்தால், அறிக்கை எழுதும்போது தேட எளிது. அறிக்கையும் அந்த வரிசையில்தான் நகர்கிறது.

தமிழ்ப் பக்கத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். இணையத்தில் தேடினால் இலங்கைப் பாடநூல்களும் கிடைக்கும். அவற்றில் பியூரெட் 'அளவி' ஆகவும், பிப்பெட் 'குழாயி' ஆகவும் இருக்கும். பொருள் ஒன்றே. எனவே அவற்றுக்குத் தனிப் பதிவு போடாமல், தான் படித்த சொல்லின் பக்கத்திலேயே மறுபெயராக எழுதிக்கொள்வது முறை. ஒரு பொருளுக்கு ஒரு பதிவு என்பதுதான் பட்டியலின் முதல் விதி.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்

தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் மட்டும் உள்ள இரண்டு பத்திப் பட்டியல் ஒரு மாதத்துக்குள் பயனற்றுப் போகும். எதை எழுதலாம் என்று அது சொல்லுமே தவிர, எதை எழுதக் கூடாது என்று சொல்லாது. ஆகவே மூன்றாவதாகத் 'தவிர்க்க' என்று ஒரு பத்தி வேண்டும். நான்காவது பத்தியில் அந்தச் சொல் வரும் முழு ஆங்கில வாக்கியம் ஒன்று. ஐந்தாவதில், அந்தச் சொல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு: லேப் மேனுவலின் பக்க எண்ணோ, பேராசிரியர் திருத்திய தேதியோ.

கணினியில் தட்டினால் இரண்டு பதிவுகள் இப்படி இருக்கும்:

```
தமிழ்: அலசு
English: rinse (with)
தவிர்க்க: wash, clean
வாக்கியம்: The burette was rinsed with the permanganate solution.

தமிழ்: குறிவரை நிரப்பு
English: make up to the mark
தவிர்க்க: add, fill
வாக்கியம்: The solution was made up to the mark with distilled water.
```

முழு வாக்கியத்தை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் செய்கிறது. 'கரைசலால் அலசி' என்பதில் உள்ள 'ஆல்' உருபு, அங்கே 'வித்' ஆகுமா 'பை' ஆகுமா என்பது சொல்லை மட்டும் பார்த்தால் தெரியாது. வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும். மேலும், மேனுவல் 'இதைச் செய்' என்று ஏவும். அறிக்கையோ 'இது செய்யப்பட்டது' என்று இறந்தகாலச் செயப்பாட்டில் போகும். பட்டியலில் உள்ள வாக்கியம் அறிக்கையின் வடிவத்திலேயே இருந்தால், மேனுவலின் ஏவல் வாக்கியம் அப்படியே ரெக்கார்டுக்குள் நுழைவது நின்றுவிடும்.

ஆங்கிலச் சொல்லை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. தன் துறையின் லேப் மேனுவல் முதலில் வரும். அதில் இல்லாததற்குப் பாடத்திட்டத்தில் குறிப்பிட்ட நூல். பொது அகராதி கடைசி. மேனுவலில் 'ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்' என்றும் நூலில் 'வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க்' என்றும் ஒரே குடுவைக்கு இரு பெயர் இருந்தால், மேனுவலின் பெயரை எடுத்து, மற்றதைத் தவிர்க்கும் பத்தியில் போடலாம். இரண்டாவது பெயர் தவறானதன்று. ஒரே அறிக்கைக்குள் இரண்டும் வந்தால் இரண்டு குடுவைகள் போலத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

பட்டியலின் பெரும்பகுதி உழைப்பு வேண்டாதது. பியூரெட்டும் பிப்பெட்டும் இரு மொழியிலும் ஒன்றே. உழைப்பு தேவைப்படும் பதிவுகள் சில உண்டு. அவற்றில், தமிழில் ஒரே சொல்லால் நடக்கும் வேலையை ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களாகப் பிரித்திருக்கும்.

முதலாவது 'அளவு'. 20 மி.லி. எடுத்தோம் என்றாலும் அளவு; பியூரெட்டில் 20.0 என்று வாசித்தாலும் அளவு. எவ்வளவு செலவானது என்றாலும் அளவுதான். ஆங்கிலத்தில் முதலாவது 'வால்யூம்', இரண்டாவது 'ரீடிங்', மூன்றாவது 'டைட்டர்'. இவற்றுக்குப் பதில் பொதுவாக 'அமவுன்ட்' என்று எழுதிவிட்டால் இன்னொரு குழப்பம் வரும். வேதியியலில் அந்தச் சொல் மோல் கணக்கில் சொல்லப்படும் பொருளளவைக் குறிக்கும்.

இந்தக் குழப்பம் முதல் தடவையில் வெளியே தெரியாது என்பது கவனிக்கத் தக்கது. பியூரெட் 0.0-இல் தொடங்கி 19.7-இல் முடிந்தால், இறுதி ரீடிங்கும் டைட்டரும் ஒரே எண். எந்தச் சொல்லை எழுதினாலும் கணக்கு சரியாக வரும். இரண்டாம் தடவை 0.4-இல் தொடங்கி 20.0-இல் முடிகிறது, இப்போது ரீடிங் 20.0, டைட்டர் 19.6. மூன்றாம் தடவை 0.2-இலிருந்து 19.8 வரை, டைட்டர் மறுபடியும் 19.6. ஒத்துவரும் டைட்டர் 19.6 மி.லி. அட்டவணையின் தலைப்பில் மூன்று பத்திக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தால், கணக்கில் 20.0 போய் உட்காருவதற்கு வாய்ப்பு அதிகம். பட்டியலில் 'அளவு' என்ற சொல்லுக்கு ஒரு பதிவு இருக்கக் கூடாது. கன அளவு, வாசிப்பு, செலவான அளவு என்று மூன்று பதிவுகள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அலசுவதும் கழுவுவதும். இங்கே தமிழிலேயே இரண்டு சொற்கள் உண்டு. பாத்திரம் துலக்கும் எந்த வீட்டிலும் வேறுபாடு தெரியும். அழுக்குப் போகத் தேய்ப்பது கழுவுதல். தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவது அலசுதல். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் 'வாஷ்' என்றே கை போகிறது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் நீரால் கழுவிய பின், அவற்றில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். இல்லையென்றால் உள்ளே தங்கிய நீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். கூம்புக்குடுவையை மட்டும் வாலைவடிநீரால் மட்டுமே அலச வேண்டும். அதைக் கரைசலால் அலசினால், சுவரில் தங்கும் துளிகள் பிப்பெட் அளந்து தந்ததற்கு மேல் கூடுதல் சரக்காகிவிடும்.

கூடுதல் எவ்வளவு என்று பார்க்கலாம். குடுவைச் சுவரில் அரை மி.லி. ஆக்சாலிக் அமிலம் தங்கியது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது 20.0 அன்று, 20.5 மி.லி. 19.6 ஆக இருந்த டைட்டர் ஏறக்குறைய 20.1 ஆக உயரும். 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு கணக்கிட்டால், பெர்மாங்கனேட்டின் திறன் 0.1020 வருவதற்குப் பதில் 0.0995 என்று வரும். அறிக்கையில் 'எல்லாப் பாத்திரங்களும் கழுவப்பட்டன' என்று இருந்தால், இந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று பேராசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பாத்திரம் எதனால் அலசப்பட்டது என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது 'தெளிந்த'. கலங்கல் இல்லாத நீரும் தெளிந்தது. நிறம் இல்லாத நீரும் பேச்சில் தெளிந்ததுதான். ஆங்கிலத்தில் 'கிளியர்' என்றால் கலங்கல் இல்லை என்று பொருள். நிறத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மயில்துத்தக் கரைசல் நீலமாக இருந்தும் கிளியர்தான். நிறமின்மையைச் சொல்ல 'கலர்லெஸ்' வேண்டும். பெர்மாங்கனேட் சோதனையில் இரண்டும் தனித்தனியே தேவைப்படுகின்றன. சேர்த்த துளியின் ஊதா நிறம் மறைந்தால் கரைசல் கலர்லெஸ் ஆகிறது. கந்தக அமிலம் போதாமலோ, பெர்மாங்கனேட்டை வேகமாக விட்டதாலோ மாங்கனீசு டைஆக்சைடு உண்டாகிப் பழுப்பாகக் கலங்கினால், கரைசல் கிளியராக இல்லை. பின்னது சோதனை கெட்டுவிட்டது என்பதற்கான அறிகுறி. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதும் அறிக்கையில், கெட்ட சோதனையும் நல்ல சோதனையும் ஒன்றுபோலவே தெரியும்.

நான்காவது, அமிலத்தைப் பற்றியது. 'அடர் கந்தக அமிலம்' என்பதை 'ஸ்ட்ராங்' என்று எழுதுவது அடிக்கடி நேர்கிறது. டீயையும் காப்பியையும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். வேதியியலில் ஸ்ட்ராங் என்பது வலிமை மிகு அமிலம். நீரில் முழுக்க அயனியாகப் பிரிவது. அடர் என்பதற்குக் 'கான்சென்ட்ரேட்டட்'. நீர் சேர்த்து நீர்க்கச் செய்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடர்வு குறைந்தும் வலிமை மிகு அமிலமாகவே இருக்கும். கலப்பில்லாத அசெட்டிக் அமிலம் அடர்வு மிகுந்தும் வலிமை குறைந்ததுதான். எனவே 'அடர்' என்ற பதிவின் தவிர்க்கும் பத்தியில் ஸ்ட்ராங் இருக்க வேண்டும். 'வலிமை மிகு' என்ற தனிப் பதிவில் அதுவே ஏற்ற சொல்லாக இருக்க வேண்டும்.

வினைச்சொற்களில் 'சூடாக்கு' இதே வகையைச் சேர்ந்தது. வீட்டில் பாலைக் காய்ச்சுவதும் கொதிக்கவிடுவதும் நெருங்கிய செயல்கள். அறிக்கையில் 'பாயில்' என்று எழுதினால் கரைசல் கொதித்தது என்று பொருள். ஆக்சாலிக் அமிலம் கொதிக்கும் வெப்பநிலையில் சிதையத் தொடங்கும் என்பதால் அது வேறு சோதனையாகிவிடும். 'ஹீட்' என்று எழுதி வெப்பநிலையைப் பக்கத்தில் தருவதே சரி.

நிரப்புவதும் சேர்ப்பதும்

ஒரு பதிவுக்கு மட்டும் தனியாக இடம் தர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதில் சொல் மாறினால் எண்ணே மாறிவிடும். '100 மி.லி. வரை நிரப்பினேன்' என்பதும் '100 மி.லி. நீர் சேர்த்தேன்' என்பதும் தமிழில் எளிதாக வேறுபடுகின்றன. 'வரை' என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதைச் செய்வது 'டு' என்ற சின்னச் சொல். அதை விட்டுவிட்டால் வாக்கியம் இலக்கணத்தில் கெடாது, பொருளில் கெட்டுவிடும்.

0.1 நார்மல் கரைசலில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. வரை நிரப்பினால் பத்தில் ஒரு பங்காக நீர்த்து 0.01 நார்மல் கிடைக்கும். அதே 10 மி.லி.-உடன் 100 மி.லி. நீர் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 110 மி.லி.; பதினொன்றில் ஒரு பங்கு; திறன் 0.0091. ஒன்பது விழுக்காடு வேறுபாடு. மாணவி ஆய்வகத்தில் சரியாகச் செய்து, அறிக்கையில் தவறாக எழுதினால், அறிக்கையைப் படித்து அதே சோதனையைச் செய்பவர் தவறான கரைசலைத்தான் பெறுவார். இதனால்தான் 'மேக் அப் டு த மார்க்' என்ற தொடரை முழுமையாக ஒரே பதிவாக வைக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் சொல் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

'நிலையான இளஞ்சிவப்பு' என்பதும் இப்படிப்பட்டதே. 'நிலையான' என்பதற்கு 'ஸ்டேபிள்', 'கான்ஸ்டன்ட்', 'பெர்மனென்ட்' என மூன்று சொற்கள் வரிசையில் நிற்கும். மேனுவல்களில் வழக்கமாக வருவது கடைசிச் சொல். ஆனால் இளஞ்சிவப்பு என்றென்றைக்கும் நிற்பதில்லை. நேரம் ஆக ஆக மங்கும். மாணவி பேராசிரியரைக் கேட்டு, 'அரை நிமிடம் மறையாமல் நிற்பது' என்று வரையறையைப் பதிவில் எழுதிக்கொண்டால், அந்தச் சொல் அளக்கக்கூடியதாகிறது. சொல்லைத் தேடப் போய்ச் செய்முறையே துலக்கமாகும் இடங்களில் இது ஒன்று.

'முடிவு' என்ற சொல்லையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். நிறம் மாறும் இடம் முடிவுநிலை. அது 'எண்ட் பாயிண்ட்'. கணக்கில் கிடைத்த 0.1020 என்ற எண் 'ரிசல்ட்'. அதிலிருந்து தெரிந்துகொண்டது 'கன்குளூஷன்'. இரு பொருள்களும் சரியான விகிதத்தில் வினைபுரிந்து தீரும் இடத்துக்கு 'ஈக்விவலன்ஸ் பாயிண்ட்' என்று இன்னொரு பெயர். அது கண்ணுக்குத் தெரியாது. பெர்மாங்கனேட்டின் நிறம் தெரிய அதற்கு மேல் ஒரு சொட்டாவது கூடுதலாகச் சேர வேண்டும். ஆகவே செய்முறைப் பத்தியில் எண்ட் பாயிண்ட் மட்டுமே வர இடம் உண்டு.

எழுத்துக்கூட்டலும் அலகும்

சில பதிவுகளில் சொல் ஒன்றே, எழுத்துதான் இரண்டு. கந்தக அமிலத்தின் ஆங்கிலப் பெயரை நம் நூல்கள் பலவும் `sulphuric` என்று அச்சிடுகின்றன. பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக் 1990-இல் `sulfur` என்ற வடிவத்தை ஏற்றது. இரண்டும் வழக்கில் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் எழுதினால் வேறுபாடே தெரியாது என்பதால் கண் ஏமாந்துபோகும். மேனுவலில் உள்ள வடிவத்தை எடுத்து, சல்பேட், சல்பைடு எல்லாவற்றுக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

லிட்டருக்கு `l`, `L` என இரண்டு குறியீடுகள் உண்டு. சிறிய எழுத்தை 1 என்ற எண்ணோடு குழப்பிக்கொள்வதைத் தவிர்க்க, 1979-இல் பெரிய எழுத்தும் முறைப்படி ஏற்கப்பட்டது. எனவே மில்லிலிட்டருக்கு `mL` என்று ஒரே வடிவத்தை வைத்து, `ml`, `cc` இரண்டையும் தவிர்க்கும் பத்தியில் போடலாம். திறனுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டின் 0.1020 நார்மல், மோலாரிட்டியில் 0.0204, ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பத்தியில் ஒன்றும் அடுத்த பத்தியில் மற்றொன்றும் வந்தால், எண்ணே மாறிவிட்டது போலத் தோன்றும்.

'தரம் பார்த்தல்' என்ற வினைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். 'இதை அதற்கு எதிராக' என்ற பொருளில் 'அகெயின்ஸ்ட்' போட்டு எழுதும்போது, குடுவையில் இருப்பது முதலில் வருமா பியூரெட்டில் இருப்பது முதலில் வருமா என்பதில் நூலுக்கு நூல் வழக்கம் மாறுகிறது. குடுவையில் இருப்பது முன்னே, பியூரெட்டில் இருப்பது 'வித்' போட்டுப் பின்னே என்று பட்டியலில் ஒரு விதி எழுதிவிட்டால், எல்லா அறிக்கைகளிலும் ஒரே வரிசை நிற்கும்.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

முதல் படி எழுதும்போது பட்டியல் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும்; ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று தேட வேண்டாம். சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டு மேலே போவது நல்லது. எழுதி முடித்த பிறகு அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும்போது, பட்டியலில் இல்லாத சொற்கள் எவை என்பது தானாகத் தெரிந்துவிடும். அவைதாம் அன்றைய புதிய பதிவுகள்.

சரிபார்ப்பு வேறு வகை. இதற்குத் தவிர்க்கும் பத்திதான் கருவி. கணினியில் அறிக்கையைத் திறந்து, `Ctrl+F` அழுத்தி, தவிர்க்க வேண்டிய ஒவ்வொரு சொல்லையும் தேட வேண்டும். 'வாஷ்' என்று தேடினால் நான்கு இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் அலசுதலே நடந்தது, திருத்த வேண்டும். நான்காவது இடத்தில் உண்மையாகவே சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறாள். அது அப்படியே இருக்க வேண்டும்.

இதனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை நம்பக் கூடாது. கிளியர் என்ற எழுத்துகளை எல்லா இடத்திலும் கலர்லெஸ் என்று மாற்றச் சொன்னால், நியூக்ளியர் என்ற சொல்லின் வாலும் வெட்டுப்படும். எடைக்கு உரிய 'வெயிட்' என்பதை எல்லாம் நிறைக்கு உரிய 'மாஸ்' ஆக்கினால், பழைய மேனுவல்களில் 'ஈக்விவலன்ட் வெயிட்' என்று நிலைத்துவிட்ட பெயர் பாதி பழசு பாதி புதுசாக, மேனுவலிலும் இல்லாத வடிவத்தில் வந்து நிற்கக்கூடும். ஒவ்வொரு இடத்தையும் பார்த்து மாற்றுவதற்கு ஓர் அறிக்கைக்குக் கால் மணி நேரம் போதும்.

கையால் ரெக்கார்டு எழுதுபவருக்கும் இதே முறை பொருந்தும். அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் எழுதிய படியை வைத்துக்கொண்டு, தவிர்க்கும் சொற்களைச் சுழித்துத் திருத்திய பிறகே ரெக்கார்டில் மையால் எழுதலாம்.

பட்டியல் மாறும் விதம்

இரண்டாவது பருவத்தில் பேராசிரியர் மாறலாம். வேறு மேனுவல் வரலாம். அப்போது பழைய பதிவை அழிக்காமல், ஏற்ற சொல்லைத் தவிர்க்கும் பத்திக்கு நகர்த்தி, தேதி போட்டுப் புதியதை எழுத வேண்டும். பழைய ரெக்கார்டில் 'ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்' ஏன் இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், அதுவும் இதுவும் ஒரே குடுவைதான் என்று சொல்ல அந்தப் பதிவே சான்று. ஆனால் ஓர் அறிக்கையின் நடுவே சொல்லை மாற்றக் கூடாது. மாற்றினால் முதல் வரியிலிருந்து மாற்ற வேண்டும்.

துறை மாறினால் பதிவும் பிரியும். வேதியியலில் 'சொல்யூஷன்' கரைசல். துணைப் பாடமான கணிதத்தில் அதுவே தீர்வு. வேதியியலில் 'ரிடக்ஷன்' ஒடுக்கம். பிற இடங்களில் குறைப்பு. பதிவின் தலையில் துறையின் பெயரை ஒரு சொல்லில் குறித்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

பட்டியலால் ஆகாதவையும் உண்டு. வாக்கியத்தின் ஒருமை பன்மையை அது திருத்தாது. பெர்மாங்கனேட் போன்ற கருநிறக் கரைசலில் பிறைத்தளத்தின் கீழ் விளிம்பு தெரியாததால் மேல் விளிம்பைத்தான் வாசிக்க வேண்டும். கீழ் விளிம்பு என்று குத்துமதிப்பாக வாசித்தவளுக்கு, 'மெனிஸ்கஸ்' என்ற சொல்லைச் சரியாக எழுதியதால் எண் சரியாகிவிடாது. பதிவின் ஓரத்தில் 'கருநிறம் என்றால் மேல் விளிம்பு' என்று ஒரு குறிப்பு இருந்தால் அடுத்த சோதனையில் உதவும்; அவ்வளவுதான்.

ஆறேழு சோதனைகளுக்குப் பிறகு பட்டியல் வளரும் வேகம் தானாகக் குறைகிறது. அலசு, நிரப்பு, முடிவுநிலை போன்றவை கைக்குப் பழகிவிடுவதால் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. புதிதாக வருபவை சோதனைக்கு மூன்று நான்கு பதிவுகளே. பண்பறி பகுப்பாய்வு தொடங்கும்போது வீழ்படிவு, வடிநீர், மேலே தெளிந்து நிற்கும் நீர் என்று ஒரு புதிய கூட்டம் வரும். அப்போது மறுபடியும் தமிழில் செய்முறையை எழுதி, சொற்களை அடிக்கோடிட்டு, முதல் பதிவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.